வி.பி.என்.னில் திறக்கும் பின்வாசல்

வி.பி.என். சர்வர் ஒன்றின் ஐ.பி. முகவரியை ஒரே நேரத்தில் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். வெளியிலிருந்து யாராவது அந்த முகவரியைத் தொடர்புகொண்டால், அது யாருக்கு வந்த அழைப்பு என்று சர்வருக்குத் தெரியாது, தள்ளிவிடும். போர்ட் ஃபார்வர்டிங் வசதியை வாங்கினால் 41000 என்பதுபோல ஓர் எண்ணை உங்களுக்கென ஒதுக்குவார்கள். அந்த எண்ணுக்கு வருவதெல்லாம் உங்கள் கணினிக்கு வந்து சேரும். டொரன்ட் பயன்படுத்துவோர் இதைத்தான் தேடுவார்கள். வீட்டில் வைத்திருக்கும் சர்வரை வெளியூரிலிருந்து திறக்கவும் உதவும்.

ஆனால் ஒருவர் வாங்கிய போர்ட், அதை வாங்காத இன்னொருவரைக் காட்டிக்கொடுக்க முடியும். 2015 நவம்பரில் பெர்ஃபெக்ட் பிரைவசி என்ற வி.பி.என். நிறுவனம் இதை வெளியிட்டு, ‘போர்ட் ஃபெயில்’ என்று பெயரிட்டது.

அது நடக்கும் விதம் எளிது. நீங்கள் ஓபன்வி.பி.என். மூலம் 203.0.113.10 என்ற சர்வரில் இணைந்திருக்கிறீர்கள். உங்கள் போக்குவரத்து முழுவதும் டனலுக்குள் போகிறது, ஒன்றைத் தவிர. டனலைச் சுமந்து செல்லும் பாக்கெட்டுகள் அந்தச் சர்வரைச் சென்றடைய வேண்டுமே! அதனால் சர்வரின் முகவரிக்கு மட்டும் வீட்டு ரூட்டர் வழியாக நேர்ப்பாதை ஒன்று போடப்படுகிறது. லினக்ஸில் `ip route` என்று கொடுத்தால் இப்படித் தெரியும்:

```
203.0.113.10 via 192.168.1.1 dev wlan0
```

தாக்குபவரும் அதே சர்வரில் சேர்ந்து 41000-ஐ வாங்குகிறார். 203.0.113.10:41000-இலிருந்து ஒரு படத்தை ஏற்றும் பக்கத்தை உங்களைப் பார்க்க வைக்கிறார். பிரவுசர் அந்தப் படத்தைக் கேட்கும்போது, சேருமிடம் வி.பி.என். சர்வரின் முகவரி என்பதால் கோரிக்கை நேர்ப்பாதையில், டனலுக்கு வெளியே போய்விடுகிறது. தாக்குபவரின் பதிவேட்டில் விழுவது உங்கள் வீட்டு ஐ.பி. முகவரி.

இதைச் சரிசெய்ய வேண்டியது நிறுவனம்தான். உள்ளே வரும் முகவரியையும் வெளியே போகும் முகவரியையும் வேறுவேறாக வைக்கலாம். அல்லது, இணைந்திருப்பவரின் அசல் ஐ.பி.யிலிருந்து ஃபார்வர்ட் செய்த போர்ட்டுகளுக்கு வரும் கோரிக்கையை ஃபயர்வாலில் தடுக்கலாம்.

போர்ட்டை வாங்கியவருக்கு வேறொரு கவலை உண்டு. டனல் வழியாக வரும் அழைப்பை வீட்டு ரூட்டரின் தடுப்பு பார்ப்பதே இல்லை. அந்த எண்ணில் கேட்டுக்கொண்டிருக்கும் நிரல் பழையதாகவோ, பாஸ்வேர்டு இல்லாததாகவோ இருந்தால் நேராக இணையத்தின் முன் நிற்கிறது. `sudo ss -tulpn` கட்டளை, எந்த நிரல் எந்தப் போர்ட்டில் காத்திருக்கிறது என்று காட்டும்.

நிறுவனங்களுக்கும் இது தலைவலிதான். பெயர் தெரியாத வாடிக்கையாளர்கள் இந்தப் போர்ட்டுகளில் தீய சேவைகளை நடத்த, சர்வர்களின் முகவரிகள் கறுப்புப் பட்டியலுக்குப் போயின, காவல்துறையும் விசாரித்தது. ஸ்வீடனின் முல்வாட் 2023 ஜூலை 1-இல் வசதியையே நீக்கியது. என் பார்வையில் அது நியாயமான முடிவு. புரோட்டான் இன்னும் தருகிறது. ஆனால் அங்கே போர்ட் ஒதுக்கீட்டை 60 நொடிக்குள் புதுப்பிக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும்.