ஏ2 எங்கே தொடங்குகிறது? – தரநிலை எல்லையைத் துல்லியமாகக் கண்டறிதல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடித்து வரும் பெற்றோர் எங்கள் பள்ளிக்கு வந்தால், பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சார், பிள்ளைக்கு ஏ2 வர இன்னும் எத்தனை மார்க் வேணும்?" கேள்வி எளிது. சரியான விடை சொல்ல வேண்டுமானால் மதிப்பெண் மட்டும் போதாது; அதை முழு எண்ணாக்கும் விதியும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் மாநிலத்தில் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் 2012-13இல் எட்டாம் வகுப்பு வரையிலும், அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பிலும் வந்தன. வளரறி மதிப்பீட்டின் (அ), (ஆ) பகுதிகளுக்குத் தலா 20, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மொத்தம் 100. 91 முதல் 100 வரை ஏ1, அதற்குத் தரப்புள்ளி 10. 81-90 ஏ2, புள்ளி 9. 71-80 பி1, புள்ளி 8. 61-70 பி2, புள்ளி 7. கல்லூரிகளில் ஒரே எழுத்துடன் பிளஸ் சேர்த்தும் சேர்க்காமலும் பிரிப்பதை இங்கே 1, 2 என்ற எண்கள் செய்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் பத்துப் புள்ளி அளவில் ஏ பிளஸ் 9, ஏ 8. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் ஏ 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3. எழுத்து ஒன்றாக இருந்தாலும் புள்ளி ஒன்றல்ல என்பதை மாணவர்களுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும்.

இனி நம் அட்டவணையைப் பாருங்கள். பி1 80இல் முடிகிறது. ஏ2 81இல் தொடங்குகிறது. அப்படியானால் 80.6 எங்கே சேரும்? அட்டவணையில் அதற்கு இடமே இல்லை. அந்த இடத்தை நிரப்புவது முழு எண்ணாக்கும் விதிதான்.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். வளரறி (அ)வில் 15.5, (ஆ)வில் 16.5 பெற்றிருக்கிறாள். தொகுத்தறித் தேர்வை 100க்கு எழுதி 60க்குச் சுருக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எழுதிய மதிப்பெண்ணை 0.6ஆல் பெருக்க வேண்டும். ஏ2 பெற அவளுக்கு அந்தத் தேர்வில் எவ்வளவு வேண்டும்?

முதல் வழி: எதையும் முழு எண்ணாக்காமல் 81ஐத் தொட்டால்தான் ஏ2. வளரறி 32 போக 49 தேவை. 49ஐ 0.6ஆல் வகுத்தால் 81.67. ஆகவே தேர்வில் 82 எடுக்க வேண்டும்.

இரண்டாம் வழி: கூட்டி முடித்த பிறகு மொத்தத்தை மட்டும் முழு எண்ணாக்குவது. அரையும் அதற்கு மேலும் வந்தால் அடுத்த எண். இப்போது உண்மையான எல்லை 81 அல்ல, 80.5. தேவை 48.5. தேர்வில் 81 போதும், மொத்தம் 80.6, அது 81 ஆகிவிடும்.

மூன்றாம் வழி: ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே முழு எண்ணாக்கிப் பிறகு கூட்டுவது. 15.5 என்பது 16, 16.5 என்பது 17. வளரறி 33 ஆகிறது. தேர்வில் 80 எடுத்தாலே 48 கிடைத்து மொத்தம் 81 வந்துவிடும்.

80, 81, 82 என ஒரே மாணவிக்கு மூன்று எல்லைகள். 80 எடுத்த அவள் ஒரு பிரிவில் ஏ2, வேறு வழியைப் பின்பற்றும் பக்கத்துப் பிரிவில் பி1. தரப்புள்ளியில் முழுதாக ஒன்று குறைகிறது. பதிவேட்டில் வளரறி மதிப்பெண்கள் எல்லாம் முழு எண்ணாகவும், விடைத்தாளிலும் செயல்பாட்டுப் பதிவிலும் அரை மதிப்பெண்ணாகவும் இருந்தால் மூன்றாம் வழி நடந்திருக்கிறது என்று அறியலாம். ஒரே பருவத்தில் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே விதி என்று மதிப்பெண் பதியத் தொடங்கும் முன்பே முடிவுசெய்வது நல்லது. கூட்டிய பின் ஒருமுறை மட்டும் முழு எண்ணாக்கினால் பிழை அரை மதிப்பெண்ணைத் தாண்டாது.

தரப்புள்ளிச் சராசரியிலும் இதே எல்லைதான் தீர்மானிக்கிறது. தமிழ் 84, ஆங்கிலம் 81, கணக்கு 80, அறிவியல் 89, சமூக அறிவியல் 88 என்றால் புள்ளிகள் 9, 9, 8, 9, 9, சராசரி 8.8. கணக்கில் ஒரே ஒரு மதிப்பெண் கூடினால் சராசரி 9. ஆங்கிலத்தில் ஒன்பது கூடி 90 ஆனாலும் சராசரி அசையாது. எனவே இலக்கு 9 என்றால், எந்தப் பாடம் எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லலாம். ஆனால் இதே மாணவரின் மதிப்பெண் சராசரி 84.4 என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புள்ளியில் மறைவது அங்கே தெரியும்.

இந்தக் கணக்கு எல்லைகள் முன்கூட்டியே நிலையாக இருக்கும் முறைக்கு மட்டுமே பொருந்தும். சில கல்லூரிகளில் வகுப்பு முழுவதும் பெற்ற மதிப்பெண்ணைப் பார்த்த பிறகே எல்லையை வகுக்கிறார்கள். அங்கே படிக்கும் நம் முன்னாள் மாணவர் "ஏ பிளஸ் வாங்க எத்தனை வேணும் சார்?" என்று கேட்டால், தேர்வுக்கு முன் அதற்கு ஓர் எண் கிடையாது என்பதே சரியான விடை.