பிடியாத பரிசிலும் பிழையாத சொல்லும்

அன்புடன் தேர்ந்தளித்த பொருள் நமக்குப் பிடிக்கவில்லை. அளித்தவரோ நம் முகத்தையே நோக்கி நிற்கின்றார். அவ்வேளையில் ஒரு சிறு பொய் தகும் என்றும், அதற்கு வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில் இடந்தந்துள்ளார் என்றும் கருதுவார் நம்மிற் பலர். யானும் அவ்வாறே கருதியிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கொழும்பிலிருந்து வந்த என் பழைய மாணவர் ஒருவர், நான்கு விரல் அகலச் சரிகைக்கரையிட்ட பட்டு வேட்டியொன்றைக் கொணர்ந்தார். யானோ வெள்ளைப் பருத்தி வேட்டியன்றிப் பிறிதொன்று உடுத்தறியேன். ஆயினும், "இப்படி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப நல்லூர்த் தேருக்கு இதைத்தான் கட்டோணும், ஐயா" என்றார்.

தேரன்று வேட்டி சலவைக்குப் போயிற்று என இரண்டாம் பொய் கூற நேர்ந்தது. மறு ஆண்டு இன்னுமொரு பட்டு வேட்டி வந்தது. அதிலே சரிகை ஆறு விரல்!

அதன் பின்னரே வாய்மை அதிகாரத்தை உரையுடன் மீண்டும் புரட்டினேன். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையோடு வைத்தெண்ணப்படும் என்பது குறளின் கருத்து. அந்நன்மை யாதென விளக்கும் பரிமேலழகர், கேட்டையோ சாவையோ எய்த நின்ற உயிர் அதனின் நீங்கி இன்புறுதலைக் கூறுகின்றார். என் பொய்யால் எவ்வுயிர் பிழைத்தது? பிழைத்தது என் கூச்சம் ஒன்றே. மாணவரோ இருமுறை பொருளிழந்தார். என் விருப்பத்தை அறியும் வாய்ப்பையும் இழந்தார்.

புறநானூற்றின் 378ஆம் பாட்டு அப்போது நினைவுக்கு வந்தது. சோழன் இளஞ்சேட்சென்னி வாரி வழங்கிய அணிகலன்களைக் கண்ட ஊன்பொதி பசுங்குடையாரின் சுற்றத்தார், விரலுக்குரியவற்றைச் செவியிலும் செவிக்குரியவற்றை விரலிலும், அரைக்குரியவற்றைக் கழுத்திலும் கழுத்துக்குரியவற்றை அரையிலும் அணிந்துகொண்டனர். சீதையின் அணிகளைக் கண்டெடுத்த குரங்குகள் போல நகைப்புக்கிடமாயினர் என்கின்றார் புலவர். அவை எம்போல்வார்க்கென்று அமைந்தவை அல்ல என்பதையும் மறைத்தாரல்லர். பரிசிலை அவர் வெறுத்தார் என்பதற்குப் பாட்டிற் குறிப்பில்லை, பெருமகிழ்ச்சியே உண்டு. யான் கற்றது வேறொன்று: பொருந்தாமையைச் சொன்ன புலவர், நகைப்பைத் தம்மவர் மேல் ஏற்றிக்கொண்டு, கொடையின் பெருமையைக் குறையாமல் வைத்தார்.

அடுத்த முறை மாணவர் வந்தபோது, பிறர் எவரும் அருகில் இல்லாத வேளை பார்த்து விறாந்தையில் இருத்தினேன். "தம்பி, என்னை நினைந்து கடைகடையாய் ஏறி இறங்கியிருக்கிறீர், அது எனக்குப் பெரிது. ஆனால் பட்டும் சரிகையும் இந்தக் கிழவனுக்குக் கூச்சம். அன்றைக்கே சொல்லாமல் விட்டது என் பிழை" என்றேன்.

சிறிது நேரம் பேசாதிருந்தார். அவர் முகம் வாடியதென்பதையும் மறைத்தற்கில்லை. பின்னர்ச் சிரித்து, "முதலே சொல்லியிருக்கலாமே, ஐயா! வாற ஆவணியிலை தம்பிக்குக் கலியாணம். அதுகளை அவனுக்குக் குடுக்கட்டோ?" என்று கேட்டார்.

ஆறு விரற் சரிகை மாப்பிள்ளைக்கு மிக எடுப்பாயிருந்தது. யான் பருத்தி வேட்டியுடன் பந்தலில் முன்வரிசையில் இருந்தேன்.