ஆறு வாரத்தில் வீடு மாறுதல்

வீடு மாறும் குடும்பத்தைத் தடுமாறச் செய்பவை பெரும்பாலும் தேதிகளே. ஈசூனில் நான்கறை வீட்டில் வசிக்கும் ஐவர் கொண்ட குடும்பம் ஒன்று, ஜூன் 27ஆம் நாள் சனிக்கிழமை பொங்கோலுக்குக் குடிபெயர்வதாக வைத்துக்கொள்வோம். ஆறு வாரங்களைப் பின்னோக்கி எண்ணினால் மே 16இல் வேலை தொடங்குகிறது.

முதல் வாரத்தில் பெட்டி கட்ட வேண்டியதில்லை. எதைக் கொண்டுசெல்வது, எதை விடுவது என்று முடிவு செய்தால் போதும். பழைய மெத்தை, உடைந்த அலமாரி போன்றவற்றை அகற்ற நகர மன்றத்திடம் முன்கூட்டியே பதிவு செய்யலாம். லாரிக்கும் அப்போதே சொல்லிவைப்பது நல்லது. பள்ளி விடுமுறைச் சனிக்கிழமைகள் விரைவில் நிரம்பிவிடும்.

அடுத்த வாரங்களில் குறைவாகப் பயன்படும் அறையிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் சேமிப்பறை, பிறகு வரவேற்பறை, அதன்பின் படுக்கையறைகள், கடைசியில் சமையலறை. புத்தகங்களைச் சிறிய பெட்டிகளில் அடுக்க வேண்டும். பெரிய பெட்டியை நிரப்பினால் தூக்கும்போது அடிப்பகுதி பிய்ந்துவிடும். பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேற்புறம் மறைந்துவிடும். ஆகவே, புதிய வீட்டில் அது செல்ல வேண்டிய அறையின் பெயரைப் பக்கவாட்டில் எழுதுவதே பயன் தரும்.

இரண்டு வாரங்கள் இருக்கும்போது, மின்சாரத்திற்கும் தண்ணீருக்கும் எஸ்பி குழுமத்திடம் விண்ணப்பிக்கலாம். இரண்டு கணக்குகளையும் ஒரே நாளில் மாற்றுவது சிக்கனமாகத் தோன்றும். ஆனால், ஞாயிற்றுக்கிழமை பழைய வீட்டைக் கூட்டித் துடைக்க விளக்கும் தண்ணீரும் வேண்டுமே! எனவே, புதிய கணக்கை ஜூன் 26இல் தொடங்கி, பழையதை 28இல் முடிப்பது நல்லது. வெளியேறும் நாளில் மீட்டரைப் படம் எடுத்துவைத்தால் இறுதிக் கட்டணத்தைச் சரிபார்க்கலாம். குழாய்வழி எரிவாயுவுக்குத் தனி முன்பதிவு தேவை. தொழில்நுட்பர் நேரில் வந்து, கசிவு இல்லை என்று சோதித்த பிறகே அதைத் திறந்துவிடுவார். அதை மறந்த குடும்பம், மின்சாரம் இருந்தும் சில நாள்கள் உணவங்காடியை நம்பியிருக்க நேரிடும்.

முகவரி மாற்றம் குடிபெயர்ந்த பிறகு செய்யும் வேலை. புதிய வீட்டில் குடியேறிய 28 நாள்களுக்குள் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இந்தக் குடும்பத்திற்கு அது ஜூலை 25 வரை. இணையத்தில் விண்ணப்பித்ததும், மறைக்குறியீடு கொண்ட கடிதம் புதிய முகவரிக்கு அஞ்சலில் வரும். அந்தக் குறியீட்டைப் பதிவு செய்தால்தான் மாற்றம் முழுமையடையும். ஆகவே, வீட்டுச் சாவியோடு அஞ்சல் பெட்டியின் சாவியையும் கேட்டு வாங்க வேண்டும். வங்கி, காப்புறுதி நிறுவனம், பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றுக்குத் தனித்தனியாகத் தெரிவிப்பது பாதுகாப்பானது. அப்படியும் ஓரிரு கடிதங்கள் ஈசூனுக்கே செல்லலாம். அங்குக் குடிவருபவரிடம் ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வருவது நல்லது.