ஃபிஜியை மட்டும் விட்டுவிடும் வண்ணம்

பசிபிக் கடலில் இருக்கும் ஃபிஜித் தீவுகளைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்து, உள்ளே வண்ணம் நிரப்பக் கணினியிடம் சொல்லுங்கள். பல மென்பொருள்கள் ஆஸ்திரேலியா, மடகாஸ்கர், ஜிம்பாப்வே, பொலிவியா என்று உலகின் குறுக்கே நீளமாக ஒரு பட்டை தீட்டும். வெள்ளையாக மிஞ்சுவது ஃபிஜி மட்டுமே.

காரணம், 180 டிகிரி தீர்க்கரேகை ஃபிஜியின் ஊடாகப் போவதுதான். அங்குள்ள தவேயுனி தீவையே அது குறுக்கே வெட்டிச் செல்கிறது. கணினியில் கிழக்குத் தீர்க்கரேகைகளைக் கூட்டல் எண்ணாகவும் மேற்கை கழித்தல் எண்ணாகவும் எழுதுவது வழக்கம். நம் பெட்டியின் ஒரு விளிம்பு கிழக்கு 177, மறு விளிம்பு மேற்கு 178, அதாவது −178. இடையில் உள்ளது வெறும் 5 டிகிரி. ஆனால் பூமி உருண்டை என்பதை மறந்து எண்களை மட்டும் கழித்தால் 355 வருகிறது. மென்பொருள் அந்த நீண்ட வழியிலேயே கோடு போடுகிறது. நாடு முழுவதும் ஒரே தேதி இருக்கட்டும் என்று சர்வதேச தேதிக் கோட்டை வளைத்துக்கொண்டார்கள். தீர்க்கரேகை எண்களை அப்படி வளைக்க முடியாது.

வண்ணம் தவறினால் கண்ணில் பட்டுவிடும். கணக்கு தவறுவதுதான் ஆபத்து. பெட்டிக்குள் எந்த ஊர்கள் இருக்கின்றன என்று கேட்டால், தலைநகர் சுவா (178.4) வெளியே நிற்கும், மடகாஸ்கரின் அண்டனநரிவோ உள்ளே வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. அடுத்தடுத்த இரு புள்ளிகளின் தீர்க்கரேகை வித்தியாசம் 180-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்தால் கோளாறு பிடிபடும்.

சரிசெய்ய, முதலில் கழித்தல் எண்களோடு 360 கூட்டுங்கள். −178 என்பது 182 ஆகிவிடும். பெட்டி 177 முதல் 182 வரை ஒரே துண்டாக நிற்கும். அதை 180-இல் வெட்டி, கிழக்கே விழும் துண்டில் மட்டும் 360-ஐத் திரும்பக் கழிக்க வேண்டும். சாய்வான விளிம்பாக இருந்தால் வெட்டும் இடத்தின் அட்சரேகையையும் கணக்கிட வேண்டும்: (179, −16) முதல் (181, −17) வரை போகும் கோடு 180-ஐ −16.5-இல் தொடும். 2016-இல் வந்த ஜியோஜேசான் தரநிலையும் இப்படி வெட்டி எழுதவே சொல்கிறது:

```json
{"type":"MultiPolygon","coordinates":[
[[[177,-20],[180,-20],[180,-16],[177,-16],[177,-20]]],
[[[-180,-20],[-178,-20],[-178,-16],[-180,-16],[-180,-20]]]]}
```

கையால் செய்ய வேண்டாம் என்றால் ஒரு கட்டளை போதும்:

```
ogr2ogr -f GeoJSON -wrapdateline out.geojson in.geojson
```

வெட்டிய பிறகு 180-இல் ஒரு பொய் எல்லைக்கோடு தெரியும். அதனால் நிரப்பலுக்கு வெட்டிய வடிவத்தையும், எல்லைக்கோட்டுக்கு 180-இல் ஓடும் விளிம்புகளை நீக்கிய கோட்டையும் தனித்தனியாக வைப்பதே நல்லது.

அண்டார்டிகாவுக்கு இந்த வழி பலிக்காது. துருவத்தைச் சுற்றி வரும் எல்லை 180-ஐ ஒற்றைப்படை முறை கடக்கும்; 360 கூட்டிக்கொண்டே போனால் தொடங்கிய இடத்தில் வந்து மூடாது. அங்கே 180-இல் இருந்து −90 அட்சரேகை வரை கோட்டை இறக்கி, அடிவிளிம்பு வழியாக −180-க்குக் கொண்டுபோய், மீண்டும் மேலே ஏற்றித்தான் வடிவத்தை மூட வேண்டும்.