வெளிநாட்டு வேலைக்கு வரி இல்லை. கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது எப்படி?

இந்தியாவிலிருந்தபடி வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வடிவமைப்பு, மென்பொருள், மொழிபெயர்ப்பு, கணக்கு வேலை செய்து தரும் ஃப்ரீலான்சரின் வருமானம் ஜிஎஸ்டி சட்டத்தில் ‘சேவை ஏற்றுமதி’ என்ற வகையில் அடங்கும். சேவை ஏற்றுமதி ஜிஎஸ்டியில் ‘பூஜ்ய விகித வழங்கல்’. வரிவிலக்கு வேறு, இது வேறு. வரிவிலக்கு பெற்ற சேவையைத் தருபவர், தொழிலுக்காக வாங்கிய பொருட்கள் மீது கட்டிய ஜிஎஸ்டியைத் தம் கையிலிருந்தே ஏற்க வேண்டும். பூஜ்ய விகிதத்தில் வாடிக்கையாளரிடம் வரி வாங்க வேண்டியதில்லை; அலுவலக வாடகை, இணைய இணைப்பு, மென்பொருள் சந்தா ஆகியவற்றின் மீது கட்டிய வரியையும் அரசிடமிருந்து திரும்பப் பெறலாம். அந்தத் தொகையைக் கேட்காமலே விட்டுவிடுபவர்கள் உண்டு.

ஒரு சேவை ஏற்றுமதியாகக் கருதப்பட ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 2(6) ஐந்து நிபந்தனைகள் வைக்கிறது. சேவை தருபவர் இந்தியாவில் இருக்க வேண்டும். பெறுபவர் வெளிநாட்டில் இருக்க வேண்டும். சேவை வழங்கப்படும் இடமாகச் சட்டம் கருதும் இடமும் வெளிநாடாக இருக்க வேண்டும். பணம் மாற்றத்தக்க அந்நியச் செலாவணியாக அல்லது ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் இனங்களில் ரூபாயாக வர வேண்டும். தருபவரும் பெறுபவரும் ஒரே நபரின் இரு கிளைகளாக இருக்கக் கூடாது. கடைசி நிபந்தனை தனியாக வேலை செய்பவரை அநேகமாகத் தொடுவதே இல்லை. சிக்கல் வருவது நடுவிலுள்ள மூன்றில்தான்.

சேவையைப் பெறுபவர் என்று சட்டம் பார்ப்பது, அதற்குப் பணம் கொடுக்கக் கடமைப்பட்டவரை. அமெரிக்க நிறுவனம் ஒன்றின் செயலிக்காகச் செய்த வேலையாக இருந்தாலும், ஒப்பந்தம் போட்டதும் பணம் தருவதும் அதன் பெங்களூரு நிறுவனம் என்றால் அது உள்நாட்டு வேலை. 18 சதவீத வரி விதிக்க வேண்டும். சேவை வழங்கப்படும் இடம் பொதுவாகப் பெறுபவர் இருக்கும் இடமே. ஆனால் அசையாச் சொத்து சம்பந்தப்பட்ட சேவைக்கு அந்தச் சொத்து இருக்கும் இடமே கணக்கு. சிங்கப்பூரில் வாழும் ஒருவர் சென்னையில் கட்டும் வீட்டுக்கு வரைபடம் போட்டுத் தரும் கட்டடக் கலைஞருக்குச் சிங்கப்பூர் டாலரில் பணம் வந்தாலும் அது ஏற்றுமதி ஆகாது.

பணம் வந்ததற்கு வங்கிச் சான்று வேண்டும். வங்கியோ பணப் பரிமாற்ற நிறுவனமோ தரும் அந்நிய வரவுச் சான்றிதழே ரீஃபண்ட் விண்ணப்பத்தின் முதுகெலும்பு. கணக்கில் ரூபாய் வந்து விழுந்ததைக் காட்டும் வங்கி அறிக்கை மட்டும் போதாது. அந்தப் பணம் வெளிநாட்டிலிருந்து எந்த நாணயத்தில், யாரிடமிருந்து, எதற்காக வந்தது என்பது சான்றிதழில் இருக்க வேண்டும். பணம் வந்த மாதத்திலேயே இதைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைப்பது நல்லது. இரண்டு வருடம் கழித்துத் தேடினால் கிடைப்பது கடினம்.

பதிவு இல்லாமல் ரீஃபண்ட் இல்லை. சேவை தருபவரின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சில சிறப்பு மாநிலங்களில் வரம்பு 10 லட்சம். ஏற்றுமதி வருமானமும் இந்த விற்றுமுதலில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வரம்புக்குக் கீழே இருப்பவர் விரும்பிப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் செலவு குறைவாக உள்ளவருக்குத் தொடர்ந்து ரிட்டர்ன் தாக்கல் செய்யும் சுமையே திரும்பக் கிடைக்கும் தொகையைவிடப் பெரிதாகிவிடக்கூடும். 1,000 ரூபாய்க்குக் குறைவான ரீஃபண்ட் தரப்படுவதும் இல்லை.

பதிவு செய்தவருக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, எல்யுடி எனப்படும் உறுதிமொழிக் கடிதத்தை RFD-11 படிவத்தில் ஜிஎஸ்டி தளத்தில் தாக்கல் செய்துவிட்டு, வரி கட்டாமலே ஏற்றுமதி செய்து, சேர்ந்துகிடக்கும் உள்ளீட்டு வரி வரவைத் திரும்பக் கேட்பது. இந்தக் கடிதம் ஒரு நிதியாண்டுக்கு மட்டுமே செல்லும். ஒவ்வோர் ஏப்ரலிலும் புதிதாகத் தர வேண்டும். இப்படி அனுப்பும் இன்வாய்ஸில், உறுதிமொழிக் கடிதத்தின் பேரில் ஒருங்கிணைந்த வரி கட்டாமல் செய்யும் ஏற்றுமதி இது என்ற குறிப்பு இருக்க வேண்டும். இன்வாய்ஸ் தேதியிலிருந்து ஓராண்டுக்குள், அல்லது அதிகாரி நீட்டித்துத் தரும் காலத்துக்குள் பணம் வராவிட்டால், அடுத்த 15 நாட்களில் அந்த வரியை 18 சதவீத வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். இரண்டாவது வழி, 18 சதவீத ஒருங்கிணைந்த வரியைத் தானே கட்டி ஏற்றுமதி செய்து, கட்டியதை முழுதாகத் திரும்பக் கேட்பது.

பெரும்பாலோர் முதல் வழியில் போகிறார்கள். அது சரியான தேர்வுதான். ஆனால் அதில் ஓர் இழப்பு ஒளிந்திருக்கிறது. ரீஃபண்ட் கணக்கிடும் விதி 89(4)-இன் சூத்திரம் இது:

```
ரீஃபண்ட் = ஏற்றுமதி விற்றுமுதல் × நிகர உள்ளீட்டு வரி ÷ மொத்த விற்றுமுதல்
```

இதில் ‘நிகர உள்ளீட்டு வரி’ என்பதில் மூலதனப் பொருட்கள் மீது கட்டிய வரி சேராது. சொத்தாகக் கணக்கில் எழுதப்படும் லேப்டாப், கேமரா, நாற்காலி, மேசை எல்லாம் வெளியே நின்றுவிடும். ஃப்ரீலான்சர் ஒருவர் ஒரே தடவையில் கட்டும் பெரிய வரி பெரும்பாலும் லேப்டாப்புக்கானதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. கோவையில் வலைத்தளம் வடிவமைப்பவர் ஒருவருக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை ஜெர்மனி நிறுவனம் ஒன்றிடமிருந்து 9,00,000 ரூபாய் மதிப்புக்கு யூரோவில் பணம் வருகிறது. அதே மூன்று மாதத்தில் உள்ளூர் கடைக்காரருக்குச் செய்த வேலைக்கு 1,00,000 ரூபாய்; அதற்கு 18,000 ரூபாய் வரி வசூலிக்கிறார். பகிர்வு அலுவலக வாடகை 60,000, இந்திய விற்பனையாளரிடம் வாங்கிய மென்பொருள் சந்தா 50,000, இணையமும் தொலைபேசியும் 10,000. இந்த 1,20,000 ரூபாய் செலவுக்கு 18 சதவீதக் கணக்கில் கட்டிய வரி 21,600. இதைத் தவிர 1,50,000 ரூபாய்க்கு வாங்கிய லேப்டாப்புக்கு 27,000. ஆக மொத்தம் 48,600 ரூபாய் வரவு. உள்ளூர் வேலையின் 18,000 ரூபாய் வரியை இந்த வரவிலிருந்தே கழித்தால், மின்னணு வரவுப் பேரேட்டில் 30,600 ரூபாய் மிஞ்சும்.

எல்யுடி வழியில் லேப்டாப் வரியை ஒதுக்கிவிட்டுச் சூத்திரம் போட வேண்டும். 9,00,000-ஐ 21,600-ஆல் பெருக்கி 10,00,000-ஆல் வகுத்தால் 19,440 ரூபாய். சூத்திரம் தரும் தொகை, அந்தக் காலத்தின் கடைசி ரிட்டர்ன் தாக்கலானபோது இருந்த பேரேட்டு இருப்பு, விண்ணப்பிக்கும் நாளில் உள்ள இருப்பு ஆகிய மூன்றில் குறைந்ததே கிடைக்கும். இங்கே 19,440-தான் குறைவு. எஞ்சிய 11,160 ரூபாய் பேரேட்டிலேயே கிடக்கும். அது வீணாகாது, உள்ளூர் வேலைகளின் வரிக்குக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளூர் வேலையே இல்லாதவருக்கு அது ஆண்டுக்கணக்கில் தூங்கும் பணம்.

வரி கட்டும் வழியில் அதே 9,00,000-க்கு 1,62,000 ரூபாய் ஒருங்கிணைந்த வரி. அதில் 30,600-ஐப் பேரேட்டு வரவிலிருந்து கழிக்கலாம். லேப்டாப் வரியும் இதற்குள் பயன்பட்டுவிடும். மிச்சம் 1,31,400 ரூபாயை ரொக்கமாகக் கட்ட வேண்டும். ரீஃபண்டாக 1,62,000 முழுதும் வந்தால், லேப்டாப் வரி உட்பட 30,600 ரூபாயும் கைக்குத் திரும்புகிறது. ஆனால் ரீஃபண்ட் வரும்வரை ஒன்றே கால் லட்சத்துக்கு மேற்பட்ட பணம் முடங்கும். ஆகவே பெரிய உபகரணம் வாங்கிய காலத்தில், கையில் ரொக்கமும் இருந்தால், இரண்டாவது வழியைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. மற்ற காலங்களில் எல்யுடியே லாபம்.

சூத்திரத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. சேவை ஏற்றுமதியில் விற்றுமுதல் என்பது அந்தக் காலத்தில் வந்து சேர்ந்த பணம். முன்பணம் வாங்கியிருந்தால் வேலை முடிந்த பிறகே அது கணக்கில் ஏறும். கோவை வடிவமைப்பாளருக்கு ஜெர்மனிப் பணம் ஜூலையில்தான் வந்தது என்று வைத்தால், ஏப்ரல்–ஜூன் காலத்தின் ஏற்றுமதி விற்றுமுதல் பூஜ்யம், ரீஃபண்டும் பூஜ்யம். இந்த நிலையில் இரண்டு காலாண்டுகளைச் சேர்த்து ஒரே விண்ணப்பமாகப் போடுவதே வழி.

விண்ணப்பம் ஜிஎஸ்டி தளத்தில் RFD-01 படிவம். பதிவு ஆதாரோடு சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். அந்தக் காலத்தின் GSTR-1, GSTR-3B ரிட்டர்ன்கள் தாக்கலாகியிருக்க வேண்டும். GSTR-3B-யில் ஏற்றுமதியை 3.1(b) என்ற பூஜ்ய விகித வரிசையில் எழுதாமல், சாதாரண விற்பனைக்கான 3.1(a)-விலோ வரிவிலக்குக்கான 3.1(c)-யிலோ எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. விண்ணப்பம் அங்கேயே சிக்கிக்கொள்ளும். செலவு பில்கள் GSTR-2B அறிக்கையில் தெரிகின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பில் தந்தவர் தம் ரிட்டர்னில் அதைக் காட்டாவிட்டால் அந்த வரியைக் கேட்க முடியாது. இன்வாய்ஸ்களையும் வங்கிச் சான்றிதழ்களையும் ஒன்றுக்கொன்று பொருத்திக் காட்டும் பட்டியல் இணைக்கப்பட வேண்டும். இன்வாய்ஸில் 1,000 யூரோ, சான்றிதழில் 970 யூரோ என்று இருந்தால், இடையில் போன கட்டணத்தைக் காட்டும் அறிக்கையைச் சேர்க்காதவரை அதிகாரி கேள்வி கேட்பார்.

விண்ணப்பித்ததும் கேட்ட தொகை பேரேட்டிலிருந்து கழிக்கப்படும். 15 நாட்களுக்குள் RFD-02 ஒப்புகை வர வேண்டும். ஆவணம் குறைந்தால் RFD-03 குறைபாட்டுக் குறிப்பு வரும். அப்படி வந்தால் பதில் எழுதுவதில் பயனில்லை. திருத்திப் புதிய விண்ணப்பமே போட வேண்டும். ஏற்றுமதி ரீஃபண்டில் 90 சதவீதத்தை இடைக்காலமாக முன்பே தர வழி உண்டு. முழுமையான விண்ணப்பம் கிடைத்த 60 நாட்களுக்குள் இறுதி உத்தரவான RFD-06 வர வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் 6 சதவீத வட்டி சேரும். நிராகரிக்க நினைத்தால் முதலில் RFD-08 நோட்டீஸ் தர வேண்டும். அதற்கு RFD-09-இல் 15 நாட்களுக்குள் பதில் தரலாம்.

இவை எல்லாவற்றுக்கும் காலக்கெடு இரண்டு ஆண்டு. வேலை முடிந்த பிறகு பணம் வந்தால், பணம் வந்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். முன்பணம் வாங்கியிருந்தால் இன்வாய்ஸ் போட்ட தேதியிலிருந்து. 2024 மார்ச்சில் முடித்த வேலைக்கு 2024 மே 10-இல் பணம் வந்திருந்தால், கடைசி நாள் 2026 மே 10.