டு போடலாமா, இங் சேர்க்கலாமா?

மழை பிடித்துக்கொண்டதை ஆங்கிலத்தில் ‘இட் ஸ்டார்ட்டட் டு ரெய்ன்’ என்றும் சொல்லலாம், ‘இட் ஸ்டார்ட்டட் ரெய்னிங்’ என்றும் சொல்லலாம். பொருள் ஒன்றுதான். பிகின், லைக், ப்ரிஃபர் ஆகிய வினைகளும் இப்படியே. விடைத்தாளில் இவற்றில் ஒன்றைப் பிழையென்று அடிப்பது மாணவருக்குச் செய்யும் அநியாயம்.

ஆனால், எல்லா இடத்திலும் விருப்பம்போல் மாற்றிக்கொள்ள முடியாது. முதல் தூறல் விழும்போது ‘இட் இஸ் ஸ்டார்ட்டிங் டு ரெய்ன்’ என்பதே வழக்கம். ‘ஸ்டார்ட்டிங் ரெய்னிங்’ என்றால் இரண்டு இங் அடுத்தடுத்து வந்து காதை உறுத்தும். புரிதல், அறிதல் போன்ற மனநிலை வினைகளுக்கும் டுதான் பொருந்தும்: ‘ஐ பிகேன் டு அண்டர்ஸ்டாண்ட்’.

லைக் கொஞ்சம் நுட்பமானது. ‘ஐ லைக் ஸ்விம்மிங்’ என்பவருக்கு நீந்துவதில் இன்பம். ‘ஐ லைக் டு பே பில்ஸ் ஆன் டைம்’ என்பவருக்குப் பணம் கட்டுவதில் என்ன இன்பம்? அப்படிச் செய்வதே நல்லது என்று நினைக்கிறார், அவ்வளவுதான். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு அதிகம் தெரியும். அமெரிக்கர்கள் இன்பத்துக்கும் டு போடுவார்கள்.

முன்னால் வுட் வந்துவிட்டால், இப்போதைய விருப்பத்தைச் சொல்ல டு மட்டுமே: ‘ஐ வுட் லைக் டு மீட் யூ’. இங்கே ‘மீட்டிங்’ போட்டால் பிழை.

ப்ரிஃபரில் பலர் தடுமாறுவது ஒப்பிடும்போதுதான். ‘ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு டிரைவிங்’ என்பதில் டு ‘விட’ என்ற பொருளில் நிற்பதால், அதன் பின்னும் இங் வருகிறது. டு வடிவில் தொடங்கினால் ‘ஐ ப்ரிஃபர் டு வாக் ராதர் தேன் டிரைவ்’ என்று முடிக்க வேண்டும்.