சைடு அடிப்பவர் செக்கிங்குக்குப் போனால்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஓடும் டி-ஷர்ட் லைனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஓவர்லாக் மெஷினில் சைடு அடிக்கிறார். நிமிடத்துக்கு ஒரு பீஸ் என்று வைத்தால் எட்டு மணி நேரத்தில் 480 பீஸ். ஒரு பீஸுக்கு இரண்டு பக்கம் என்பதால் 960 தையல். கழுத்து குனிந்தபடி, வலது கால் பெடலில், இரண்டு கையும் துணியை ஊசிக்குத் தள்ளியபடி. நாளைக்கும் அதேதான்.

இவருக்கு வேலையை மாற்றிக் கொடுக்கலாமே என்று முதலாளிக்குத் தோன்றுகிறது. சைடு அடிப்பவரை ஷோல்டர் ஜாயின்ட் மெஷினுக்கு அனுப்புகிறார். கைக்கு இன்னொரு வேலை பழகும், உண்மைதான். ஆனால் அதுவும் ஓவர்லாக். அதே குனிவு, அதே பெடல். உடம்புக்கு எதுவும் மாறவில்லை, மனசுக்கும் பெரிதாக மாறவில்லை. இந்த மாதிரி மாற்றத்தை அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1968-லேயே கிண்டல் செய்திருக்கிறார்: தட்டு கழுவுகிறவரைக் கொஞ்ச நேரம் கரண்டி கழுவச் சொல்வது போலத்தான் இது என்று.

அதனால் திட்டம் போடும்போது மெஷினின் பெயரைப் பார்ப்பதைவிட உடம்பைப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு வேலைக்கும் நேரே உட்காருவதா நிற்பதா, எந்தக் கை, எந்தக் கால், கண்ணுக்கு எவ்வளவு சிரமம் என்று எழுதினால் போதும், ஜோடி தானாகத் தெரியும். சைடு அடிப்பவருக்குச் சரியான மாற்று செக்கிங். அங்கே நின்றபடி வேலை. கால் பெடலை விடுகிறது, கழுத்து கொஞ்சம் நிமிர்கிறது, கண் உழைக்கிறது. அயனிங்கும் நின்று செய்வதுதான், ஆனால் தோள் அசராது உழைக்கும். ஏற்கெனவே தோள் வலிப்பவரை அங்கே அனுப்பக் கூடாது. அயனிங் டேபிளின் உயரமே சரியில்லை என்றால் முதலில் டேபிளைச் சரிசெய்ய வேண்டும். நாலு பேரை மாற்றி மாற்றி அங்கே நிறுத்தினால் ஒருவரின் வலி நாலு பேருக்கும் வந்து சேரும்.

மாறும் நேரம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. காலை டீ, சாப்பாடு, மாலை டீ என்று ஷிப்ட் ஏற்கெனவே நாலு துண்டாகத்தான் இருக்கிறது. இடைவேளை முடிந்து வரும்போது வேறு இடத்தில் உட்கார்ந்தால் நேரம் வீணாகாது.

சிக்கல் கற்கும் காலத்தில்தான் வருகிறது. சைடில் தேர்ந்தவர் மணிக்கு 60 பீஸ் அடிக்கிறார். செக்கிங்கிலிருந்து வந்த புதியவர் 36 அடிக்கிறார் என்று வையுங்கள். மணிக்கு 24 குறைவு. இரண்டு மணி நேரத்தில் 48. அடுத்து பாட்டம் அடிக்கும் பேட்லாக் மெஷின்காரர் துணி வராமல் கை கட்டி உட்காருவார். லைன் முழுக்க முணுமுணுப்பு, மறுநாள் சூப்பர்வைசர் திட்டத்தையே மூட்டை கட்டிவிடுவார். இதற்கு வழி, சைடு முடிந்த 50 பீஸை முன்கூட்டியே அடித்து பாட்டத்துக்கு முன்னால் அடுக்கி வைப்பது. கூடவே, ஒரு நேரத்தில் ஒரு தையல் மெஷினில் மட்டுமே புதியவர் உட்கார வேண்டும். முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு ஒரு துண்டு நேரம் மாறினால் போதும்.

கற்றுவிட்டாரா என்பதைச் சூப்பர்வைசரின் நல்லெண்ணத்துக்கு விடக் கூடாது. பல தொழிற்சாலைகளில் சுவரில் ஓர் அட்டை தொங்கும். பக்கவாட்டில் பெயர்கள், மேலே வேலைகள், கட்டத்துக்குள் நாலு கூறாகப் பிரித்த வட்டம். பக்கத்தில் ஆள் நின்றால் செய்வார் என்றால் ஒரு கூறு கறுப்பு, தனியாகச் செய்வார் என்றால் இரண்டு, வேகமும் தரமும் வந்துவிட்டால் மூன்று, பிறருக்குச் சொல்லிக் கொடுப்பார் என்றால் முழு வட்டம். மூன்றாவது கூறை நிரப்ப, மூன்று நாள் தொடர்ந்து டார்கெட்டை எட்டியிருக்க வேண்டும், டேமேஜும் லைனின் வழக்கமான அளவைத் தாண்டக் கூடாது என்பது போல ஒரு கணக்கு வேண்டும்.

அதே அட்டை ஒரு திருட்டுத்தனத்தையும் காட்டிக் கொடுக்கும். யார் லீவு போட்டாலும் நன்றாக வேலை தெரிந்த ஒரே பெண்ணை அங்கும் இங்கும் இழுத்துவிட்டு, அதற்கு வேலைச் சுழற்சி என்று பெயர் வைப்பார்கள். மாத முடிவில் அவர் பெயர் எட்டு இடத்தில் இருக்கும், மற்றவர்கள் நகர்ந்தே இருக்க மாட்டார்கள். இது ஆள் பற்றாக்குறையைச் சமாளிப்பது, அவ்வளவுதான்.

கடைசியாக, பல திட்டங்கள் செத்துப்போகும் இடம்: கூலி. பீஸ் ரேட்டில் 60 அடித்தவர் புது மெஷினில் 36 அடித்தால், ரேட் ஒன்றாகவே இருந்தாலும் அந்த நேரத்துக் கூலியில் நூற்றுக்கு 40 போகிறது. டெய்லரைச் செக்கிங்குக்கு அனுப்பினால், செக்கிங் கூலி குறைவு என்பதோடு, “என்னைக் கீழே இறக்கிட்டாங்க” என்ற வருத்தமும் சேரும். சலிப்பைப் போக்குகிறேன் என்று வருமானத்தில் கை வைத்தால் யார் ஒத்துக்கொள்வார்? பழகும் வாரங்களில் அவருடைய போன மாதச் சராசரிக் கூலி குறையாது, செக்கிங்கில் நின்றாலும் டெய்லர் கூலிதான், மூன்று வேலை தெரிந்தவருக்குக் கொஞ்சம் கூடுதல் என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள். அட்டையை அதன் பிறகு மாட்டலாம்.